பிட்காயின் பல மடங்கு ஏறிய பிறகு படிப்படியாக விற்பதா, சுழற்சியின் உச்சத்துக்குக் காத்திருப்பதா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருஷமாக விற்காமல் வைத்திருக்கிறேன். விலை எங்கேயோ போய்விட்டது. இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக விற்கலாமா, உச்சம் வரட்டும் என்று இருக்கலாமா?

பெரும்பாலானவர்களுக்குப் படிப்படியாக விற்பதே பொருந்தும் என்பது என் கருத்து. அந்த வழியில் அதிக லாபம் கிடைக்கும் என்பதால் இதைச் சொல்லவில்லை; பல சமயங்களில் லாபம் குறையவே செய்யும், அதற்கான கணக்கைக் கீழே மறைக்காமல் தந்திருக்கிறேன். உச்சம் எங்கே என்று தெரிந்தால்தான் நிறைவேறும் திட்டம் ஒன்று, அது தெரியாமலேயே நிறைவேறும் திட்டம் மற்றொன்று. உச்சத்தை முன்கூட்டி அறியும் வழி ஒருவரிடமும் இல்லாத நிலையில், இரண்டாவதைத்தான் ஒருவர் உண்மையிலேயே செய்து முடிக்க முடியும்.

முடிவை விலையிலிருந்து தொடங்காமல், உங்கள் மொத்தச் சேமிப்பில் இந்த ஒரு சொத்து எவ்வளவு பங்கு என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பங்கு பத்தில் ஒன்றாக இருந்தால் விற்காமலேயே இருந்துவிடலாம், முக்கால்வாசி போனாலும் வாழ்க்கை மாறாது. பாதியாக வளர்ந்திருந்தால், நீங்கள் ஒருபோதும் எடுக்க நினைத்திராத ஒரு பந்தயத்தை விலையேற்றம் உங்கள் பெயரில் வைத்துவிட்டது என்று பொருள்.

உண்மையான விலைகளை வைத்து ஒரு கணக்கு காட்ட முடியுமா?

ஒருவர் 2020 ஏப்ரலில், பிட்காயின் 7,000 டாலரை ஒட்டி இருந்தபோது, 28,000 டாலருக்கு 4 காயின் வாங்கினார் என்று கொள்வோம். அவருடைய மற்ற சேமிப்பு 2,52,000 டாலர். ஆகவே பிட்காயின் அவருடைய மொத்தத்தில் சரியாகப் பத்து சதவீதம். ஆளும் அவருடைய சேமிப்பும் என் கற்பனை, விலைகள் மட்டும் நடந்தவை.

அவர் ஒரு தாளில் ஏழு படிகளை எழுதிவைக்கிறார்: 20,000, 30,000, 40,000, 50,000, 60,000, 80,000, 1 லட்சம். ஒவ்வொரு படியிலும் தொடக்க இருப்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.4 காயின், விற்கப்படும். 20,000 டாலர் 2020 டிசம்பர் நடுவில் வந்தது. 30,000 டாலரும் 40,000 டாலரும் 2021 ஜனவரியின் முதல் பத்து நாட்களுக்குள்ளேயே வந்தன. 50,000 பிப்ரவரியிலும் 60,000 மார்ச்சிலும் வந்தன. ஐந்து படிகளிலும் சேர்த்து அவர் கைக்கு வந்த பணம் 80,000 டாலர், மிச்சம் 2 காயின்.

ஏப்ரலில் விலை 64,800 டாலரைத் தொட்டு, ஜூலையில் 30,000 டாலருக்குக் கீழே இறங்கி, மறுபடி ஏறி நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது. ஆறாவது படியான 80,000 வரவே இல்லை. ஓராண்டு கழித்து, 2022 நவம்பரில், விலை 15,500 டாலரை ஒட்டி நின்றது. அன்றைய நிலையில் படிப்படியாக விற்றவரிடம் 80,000 டாலர் பணமும் 31,000 டாலர் பெறுமான காயின்களும், ஆக 1,11,000 டாலர் இருந்தது. ஒன்றும் விற்காதவரிடம் 62,000 டாலர் இருந்தது. மிகச் சரியாக 69,000 டாலரில் எல்லாவற்றையும் விற்றவர் 2,76,000 டாலர் பெற்றிருப்பார். ஆனால் அந்த விலை சில மணி நேரம்கூட நிற்கவில்லை.

உச்சத்துக்குக் காத்திருந்தவர்களில் மிகப் பலர் 69,000 டாலரை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். பிட்காயினின் வரத்துக்கும் இருப்புக்கும் உள்ள விகிதத்தை வைத்து விலை கணிக்கும் ஒரு மாதிரி அப்போது பெரிதும் பேசப்பட்டது. 2021 முடிவதற்குள் 1 லட்சம் டாலர் நிச்சயம் என்று அதை நம்பியவர்கள் சொன்னார்கள். 1 லட்சத்தில் விற்கக் காத்திருந்தவர் அந்தச் சுழற்சியில் விற்றது பூஜ்யம்.

ஆனால் 2024-ல் 1 லட்சம் வந்ததே. கடைசியில் விற்காதவர்தானே ஜெயித்தார்?

ஆம், ஜெயித்தார், அதுவும் நல்ல வித்தியாசத்தில். 2024 நவம்பரில் 80,000 டாலரும் டிசம்பர் தொடக்கத்தில் 1 லட்சமும் கடந்தன. படிப்படியாக விற்றவருக்கு நிலுவையில் இருந்த இரண்டு படிகளும் அப்போது நிறைவேறி 72,000 டாலர் கிடைத்திருக்கும்; மிச்சமுள்ள 1.2 காயின் 1,20,000 டாலர் பெறும். முன்பு எடுத்த 80,000 டாலரையும் சேர்த்தால் 2,72,000. ஒன்றும் விற்காதவரிடம் 4 லட்சம். பழைய பணத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய வட்டியை விட்டுவிட்டால் இடைவெளி 1,28,000 டாலர். படிப்படியாக விற்பதன் விலை இதுதான், இதை மறைத்துவிட்டு அந்த முறையைப் புகழ்வது நேர்மையல்ல.

இதைக் காப்பீட்டுக் கட்டணம் என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. வீடு தீப்பிடிக்காத ஆண்டில் கட்டிய கட்டணம் வீண் என்று தோன்றும். ஆனால் 2022 நவம்பரில், ஒரு பெரிய பரிமாற்றத் தளமான எஃப்டிஎக்ஸ் திவாலாகி, விலை உச்சத்திலிருந்து 77 சதவீதம் இறங்கியிருந்த வாரத்தில், இந்தச் சொத்து மீளும் என்பது ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது. விலைக்கோடு மீண்டு முடிந்த பிறகு பார்க்கும் கண்ணுக்கு மட்டுமே அது தெரிந்ததுபோல் இருக்கிறது.

மீள்வதற்கு எவ்வளவு காலம் பிடிக்கலாம் என்பதற்கு மற்றச் சந்தைகளைப் பார்க்கலாம். அமெரிக்க நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் 5,048-ல் முடிந்த பிறகு, 2002 அக்டோபரில் 1,114-க்கு இறங்கியது. பழைய முடிவு விலையைத் தாண்ட 2015 ஆனது. ஜப்பானின் நிக்கேய் 1989 இறுதியில் தொட்ட உயரத்தை 2024 பிப்ரவரியில்தான் மீண்டும் கண்டது. 1980 ஜனவரியில் 50 டாலரை ஒட்டிப் போன வெள்ளி, 2011-ல் அதே இடத்துக்கு வந்து திரும்பவும் விழுந்தது. பணவீக்கத்தைக் கழித்தால் நிலைமை இன்னும் மோசம். நாஸ்டாக் கதையில் பழைய உயரத்துக்கு ஒருபோதும் திரும்பாமல் காணாமல் போன நிறுவனங்களும் நிறைய உண்டு. குறியீடு மீண்டது, அவற்றின் பங்குதாரர்கள் மீளவில்லை. பிட்காயின் மூன்று முறை இரண்டு முதல் மூன்று ஆண்டுகளை ஒட்டி மீண்டிருக்கிறது என்பது நல்ல செய்திதான். மூன்று என்பது மிகச் சிறிய எண் என்பதும் உண்மை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விற்காமல் 4 லட்சத்தைக் கண்டவர், நடுவில் 2,76,000 டாலர் 62,000 ஆனதைப் பார்த்துக்கொண்டு விற்காமல் இருந்தவர். தன்னால் அது முடியும் என்று ஏற்றக் காலத்தில் சொல்பவர்கள் நிறையப் பேர். 20,000 டாலருக்குக் கீழே அவசரச் செலவுக்காகவோ அச்சத்தாலோ எல்லாவற்றையும் விற்றவர்களில் பலரும் முன்பு அப்படிச் சொன்னவர்களே.

நான்கு வருஷத்துக்கு ஒருமுறை உச்சம் வருகிறதே. விலையை விட்டுவிட்டுத் தேதியைப் பார்த்து விற்றால் என்ன?

உச்சங்கள் 2013 இறுதியிலும், 2017 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும் வந்தன. புதிய காயின்களை உருவாக்குபவர்களுக்குக் கிடைக்கும் சுரங்க வெகுமதி பாதியாகும் நிகழ்வுகள் 2012 நவம்பர், 2016 ஜூலை, 2020 மே, 2024 ஏப்ரல் ஆகிய மாதங்களில் நடந்தன. ஒவ்வொரு பாதியாக்கத்துக்கும் ஓராண்டுக்கு மேல், ஒன்றரை ஆண்டை ஒட்டி, உச்சம் வந்ததாகத் தெரிகிறது. 2025 அக்டோபரில் தொட்ட 1,26,000 டாலரையும் அந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு.

தேதி ஓரளவு பயன்படும். ஆனால் அதில் இரண்டு கோளாறுகள் உள்ளன. முதலாவது, உச்சம் சில மாதங்கள் முன்பின் நகர்ந்தாலே கணக்குத் தலைகீழாகிவிடும்: 2021-ல் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் விலை பாதிக்கும் கீழே போனது, அதே ஆண்டு நவம்பரில் புதிய உச்சம் வந்தது. "2021-ல் விற்பேன்" என்று சரியாகச் சொன்னவர் எந்த மாதத்தில் விற்றார் என்பதைப் பொறுத்து 30,000 டாலரோ 65,000 டாலரோ பெற்றிருப்பார். இரண்டாவது, எல்லோருக்கும் தெரிந்த தேதிக்கு முன்பே சிலர் விற்கத் தொடங்குவார்கள், அவர்களுக்கும் முன்பே வேறு சிலர் விற்பார்கள். 2024-ல் வழக்கம் ஒருமுறை பிசகியும் விட்டது. பாதியாக்கத்துக்குப் பிறகே வரும் என்று நம்பப்பட்ட புதிய உச்சம், பாதியாக்கத்துக்கு ஒரு மாதம் முன்பே, மார்ச்சில், 73,000 டாலரைத் தாண்டி வந்தது.

உச்சத்தின் உயரம் பற்றி அந்த வரிசை சொல்வது தேதியைவிடப் பயனுள்ளது. 2013-ல் 1,150 டாலர் அளவில் இருந்த உச்சம் 2017-ல் 20,000 டாலரை நெருங்கி ஏறத்தாழ 17 மடங்கானது. அடுத்த உச்சம் அதைப் போல மூன்றரை மடங்கு. அதற்கடுத்தது இரண்டு மடங்குக்கும் குறைவு. முந்தைய சுழற்சியின் மடங்கை அப்படியே எடுத்து அடுத்த இலக்கை எழுதியவர்கள் ஒவ்வொரு முறையும் எட்டாத உயரத்தில் படி வைத்தார்கள்.

பிளாக்செயின் என்னும் பொதுப் பரிமாற்றப் பதிவேட்டின் தரவுகளை வைத்து உச்சத்தைக் காட்டும் குறியீடுகள் இருக்கின்றனவே?

அவற்றில் நன்கு அறியப்பட்டது, மொத்தச் சந்தை மதிப்பை, ஒவ்வொரு காயினும் கடைசியாகக் கைமாறிய விலைகளின் கூட்டுத்தொகையால் வகுக்கும் விகிதம். எல்லோரும் சராசரியாக எத்தனை மடங்கு லாபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது. விற்கும் ஆசை எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அறிய நல்ல கருவி. ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் உயரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2021-லோ விலையின் கடைசி உச்சம் நவம்பரில் வந்தபோது இந்த விகிதம் அதே ஆண்டின் வசந்த காலத்தில் இருந்ததைவிடத் தாழ்ந்தே இருந்தது. 2017-ன் அளவு திரும்பட்டும் என்று காத்தவருக்கு மணி அடிக்கவே இல்லை. படியின் அளவைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ இதைப் பயன்படுத்தலாம், விற்பதா வேண்டாமா என்பதை இதனிடம் ஒப்படைக்க வேண்டாம்.

எத்தனை படி, ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் என்று எப்படி முடிவு செய்வது?

முதலில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மேலே சொன்னவர் ஒன்றும் விற்காமல் இருந்திருந்தால், 60,000 டாலரில் அவருடைய 4 காயின் 2,40,000 டாலர், அதாவது மொத்தச் சேமிப்பில் 49 சதவீதம் ஆகியிருக்கும். அந்த நிலையிலிருந்து 77 சதவீதச் சரிவு வந்தால் கரைவது 1,85,000 டாலர். பல ஆண்டுகள் சேர்த்த மற்றச் சேமிப்பில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குச் சமம். ஐந்து படிகள் விற்ற பிறகு மிச்சமுள்ள 2 காயின் அவருடைய மொத்தத்தில் 27 சதவீதத்துக்கும் குறைவு. அந்த அளவைத் தாங்க முடியும் என்றால் படிகள் சரியாக உள்ளன. முடியாது என்றால் ஒரு படிக்கு 0.4-க்குப் பதில் 0.5 அல்லது 0.6 காயின் விற்க வேண்டும். குறியீடுகளை ஆராய்வதைவிட இந்தக் கணக்கு எளிது, ஆனாலும் ஏனோ பலர் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அடுத்து, பத்து சதவீதம் என்றால் எதில் பத்து சதவீதம் என்று தாளில் தெளிவாக எழுதுங்கள். தொடக்க இருப்பில் பத்து என்றால் ஐந்து படிக்குப் பின் பாதி மிஞ்சும். மிச்சமிருப்பதில் பத்து என்றால் ஐந்து படிக்குப் பின்னும் 59 சதவீதம் மிஞ்சும். மேலே உள்ள அதே விலைகளில் 80,000 டாலருக்குப் பதில் 62,000 டாலர்தான் கைக்கு வரும். விலை ஏற ஏற விற்கும் அளவு குறையும் இந்த இரண்டாவது வகை, கேட்கும்போது மென்மையாக இருந்தாலும் கடைசிப் படிகளில் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும்.

படிகளுக்கு இடையிலான தூரமும் முக்கியம். 20,000-லிருந்து 30,000 என்பது ஐம்பது சதவீத ஏற்றம். 50,000-லிருந்து 60,000 என்பது இருபது சதவீதம்தான். சமமான டாலர் இடைவெளி வைத்தால் விலை மேலே போகப் போக அடிக்கடி விற்பீர்கள், அதாவது பணம் பெரிதாகும் இடத்தில் படிகள் நெருங்கி நிற்கும். இதற்கு மாறாக ஒவ்வொரு படியையும் முந்தையதைப் போல 1.4 மடங்கு என்று வைத்திருந்தால் 20,000, 28,000, 39,000, 55,000, 77,000 என்று வரும். 2021-ல் நான்கு படிகளே நிறைவேறி 57,000 டாலர் கிடைத்திருக்கும். நான் சம இடைவெளியின் பக்கம். எப்படி வைத்தாலும் முதல் படி இன்றைய விலைக்கு அருகில் இருக்கட்டும். முதல் படியையே தொலைவில் வைப்பது, காத்திருப்பதற்கு வேறொரு பெயர் சூட்டுவதுதான்.

எட்டப்படாத படிகளுக்குக் காலக்கெடு ஒன்றும் வேண்டும். கடைசியாக விற்று ஆறு மாதங்கள் ஆகியும் அடுத்த படி வரவில்லையென்றால், அந்தப் படிக்குரிய அளவை அன்றைய விலைக்கே விற்பது, இப்படி இரண்டு முறை மட்டும் செய்வது என்று அவர் எழுதியிருந்தால், 2021 செப்டம்பர் நடுவில் 45,000 டாலரைச் சுற்றி 0.4 காயினும், 2022 மார்ச்சில் 40,000 டாலரை ஒட்டி 0.4 காயினும் விற்றிருப்பார். கூடுதலாக 34,000 டாலர். 2022-ன் அடிமட்டத்தில் அவர் நிலை 1,11,000 டாலருக்குப் பதில் 1,32,000-ஐத் தாண்டியிருக்கும். ஆனால் அதற்குப் பதிலாக 2024-ல் 80,000-லும் 1 லட்சத்திலும் விற்க அவரிடம் அந்தப் பங்குகள் இருக்காது, 1 லட்சத்தில் மொத்தம் 2,34,000 டாலரில் நிற்பார். பாதுகாப்பைக் கூட்டும் ஒவ்வொரு விதிக்கும் இப்படி மறுபக்கம் ஒன்று உண்டு.

போட்ட முதலை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் இலவசம்தானே?

இலவசம் இல்லை. மிச்சமிருக்கும் காயினின் இன்றைய விலை முழுவதும் உங்கள் பணம்; நாளை அதைக் கொண்டு வீட்டுக் கடனை அடைக்க முடியும் என்றால் அது எப்படி இலவசமாகும்? 28,000 டாலரில் ஒரு காயின் விற்றால் முதல் திரும்பிவிடும், மனம் அமைதியாகும், அந்த அமைதிக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதோடு திட்டம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர், முக்கால்வாசி இருப்பைக் கணக்கில் வராத பணமாக நடத்தத் தொடங்கிவிடுவார். நீங்கள் எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது. வரி அலுவலகத்துக்கு மட்டுமே அது வேண்டும்.

படிகள் எதற்கு? உச்சத்திலிருந்து 30 சதவீதம் இறங்கினால் எல்லாவற்றையும் விற்பேன் என்று வைத்துக்கொண்டால் போதாதா?

கேட்க மிக நியாயமான யோசனை. ஏற்றத்தை முழுக்க அனுபவித்துவிட்டு, திரும்பும்போது இறங்கிவிடலாம் என்று தோன்றும். பிட்காயினில் இது இடறும் இடம், ஏற்றத்தின் நடுவிலேயே அந்த அளவுச் சரிவுகள் வருவதுதான். 2017-ல் விலை 1,000 டாலரை ஒட்டிய இடத்திலிருந்து 20,000 டாலரை நெருங்கிய அதே ஆண்டுக்குள், 30 சதவீதத்தை ஒட்டியும் தாண்டியும் பல சரிவுகள் வந்தன. முதலாவது ஜனவரியிலேயே வந்தது. அந்த விதியை வைத்திருந்தவர் ஆயிரம் டாலருக்கும் கீழே வெளியேறியிருப்பார். 2021 ஜனவரியிலும் 42,000 டாலரிலிருந்து இரண்டே வாரங்களில் அதே அளவு சரிவு வந்து, பிறகு விலை ஏறியது.

சரிவு அளவை 50 சதவீதம் என்று தளர்த்தினால் இடையில் தள்ளப்படுவது குறையும், ஆனால் பாதியை இழந்த பிறகே விற்பீர்கள். ஆகவே இதை முழு இருப்புக்கும் வைப்பதை நான் ஏற்பதில்லை. படிகள் மூலம் பாதியை விற்ற பிறகு, மிச்சத்தில் ஒரு பகுதிக்கு வைக்கலாம். நம் கணக்கில் மீதமிருந்த 2 காயினுக்கும் 64,800 டாலரிலிருந்து 30 சதவீதம் என்று வைத்திருந்தால், 2021 மே நடுவில் 45,000 டாலரை ஒட்டி விற்று 90,000 டாலர் கிடைத்திருக்கும், மொத்தம் 1,70,000. அதன்பின் நவம்பரில் 69,000 டாலரைக் கையில் ஒரு காயினும் இல்லாமல் பார்த்திருக்க வேண்டும். 2022 இறுதியில் அது நல்ல முடிவாகவும் 2024 இறுதியில் மிக மோசமான முடிவாகவும் தெரிந்திருக்கும். இந்த விதியை நாளின் ஊசலாட்டத்தில் வைக்காமல் வார முடிவு விலையில் வைப்பது நல்லது. சில நிமிடங்களில் வந்து போகும் வீழ்ச்சியில் கட்டளை நிறைவேறினால் நீங்கள் நினைத்த விலைக்கு வெகு கீழே விற்றிருப்பீர்கள்.

விற்கும் நாளில் என்னென்ன தவறும்?

விலை படியைத் தொடும்போது காயின் விற்கக்கூடிய இடத்தில் இருக்காது என்பதுதான் அதிகம் நடப்பது. பாதுகாப்புக்காக இணையத்தில் இணைக்காத கருவியில் வைத்திருப்பவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளாக அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். கடவுக்குறி மறந்திருக்கும், கருவியின் மென்பொருள் பழையதாகியிருக்கும், பரிமாற்றத் தளம் புதிய அடையாளச் சான்று கேட்கும். கூட்டம் நெரியும் நாட்களில் தளங்களே முடங்கியதும் பல முறை நடந்திருக்கிறது. ஆகவே விலை படிக்கு இருபது சதவீதம் கீழே இருக்கும்போதே சிறு தொகை ஒன்றை அனுப்பிச் சோதித்து, வங்கிக் கணக்கு வரை பணம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு அடுத்த ஒரு படிக்கான அளவை மட்டும் தளத்துக்கு மாற்றுங்கள். மொத்தத்தையும் மாற்றி வைத்துக் காத்திருக்காதீர்கள்.

கட்டளையை முன்கூட்டியே, குறித்த விலைக்கு விற்கும் லிமிட் ஆர்டராகப் போட்டுவிடுங்கள். முழு எண்களில் விற்பவர்களின் வரிசை நீளமாக நிற்கும் என்பதால் 80,000-க்குப் பதில் 79,400 என்று போடுவது என் பழக்கம். விலை நெருங்கும் மாலையில் ஆர்டரை ரத்துச் செய்து ஐயாயிரம் மேலே ஏற்றிவைக்கும் ஆசை எழும். நானும் ஒருமுறை அப்படி ஏற்றிவைத்து அந்தப் படியை இழந்திருக்கிறேன். இப்போது, ஒரு படியை மாற்றினால் எழுத்தில் காரணம் குறித்து ஏழு நாள் காத்த பிறகே மாற்றுவது என்று வைத்திருக்கிறேன். ஏழாம் நாளில் அந்தக் காரணம் பெரும்பாலும் வெட்கப்படும்படியாக இருக்கும்.

விற்ற பணத்தை எங்கே வைப்பது? வரியை எப்போது யோசிப்பது?

வரியை விற்ற அன்றே யோசியுங்கள். விகிதமும் விதிகளும் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் ஒரு காயினை இன்னொரு காயினாக மாற்றுவதையும் விற்பனையாகவே கருதி வரி கேட்கும் நாடுகள் பல. 2017 இறுதியில் லாபத்தை அப்படியே வேறு காயின்களுக்கு மாற்றியவர்கள், சில மாதங்களில் வரி கட்டும் நாள் வந்தபோது, அந்தக் காயின்கள் சரிந்துகிடக்க, வராத லாபத்துக்கு வரி கட்ட நேர்ந்தது. வரிக்குரிய தொகையை ஒவ்வொரு படியிலும் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. படிகள் இரண்டு நிதியாண்டுகளில் பிரிந்து விழுந்தால், உயரும் விகிதம் உள்ள நாடுகளில் வரி குறையவும் கூடும்.

மிச்சப் பணத்தைப் பொறுத்தவரை, அது நீங்கள் விட்டு வெளியே வந்த அபாயத்துக்கே திரும்பக் கூடாது. பிட்காயினை விற்று இன்னும் ஏறாத சிறு காயின்களை வாங்குவது லாபம் எடுப்பதாகாது. சரிவில் அவை பிட்காயினைவிட ஆழமாக விழுவதே வழக்கம். ஒரு டாலருக்கு நிலைநிறுத்தப்பட்டவை என்று சொல்லப்படும் ஸ்டேபிள்காயின்களில் வைப்பதும் தற்காலிகமாக மட்டும் இருக்கட்டும். டெர்ரா யுஎஸ்டி 2022 மே மாதத்தில் சில நாட்களில் அந்தப் பிடியை இழந்தது. அடுத்த மாதம் வட்டி தருவதாகச் சொல்லி காயின்களைப் பெற்றிருந்த செல்சியஸ் பணம் எடுப்பதை நிறுத்தியது. சரியான விலையில் விற்றும் பணத்தைத் தவறான இடத்தில் வைத்து இழந்தவர்கள் அந்த ஆண்டு நிறைய.

விற்ற பிறகு விலை இறங்கினால் திரும்ப வாங்கலாமா? ஏறிக்கொண்டே போனால்?

இறங்கினால் வாங்கலாம், ஆனால் அதற்கும் விற்பதற்கு எழுதியது போலவே தனித் தாள் வேண்டும். அந்தத் தாளில் எழுதும் அளவும் மொத்தச் சேமிப்பின் பங்கிலிருந்தே வர வேண்டும். மேற்கண்டவர் பிட்காயினைத் தொடக்கத்தில் இருந்த பத்து சதவீதத்துக்கே திரும்பக் கொண்டுவர விரும்பினார் என்று கொள்வோம். 2022 நவம்பரில் அவரிடம் 2 காயின், 31,000 டாலர். மற்றவை 3,32,000 டாலர். அது எட்டரை சதவீதம். பத்தைத் தொட அவர் வாங்க வேண்டியிருந்தது ஏறத்தாழ 5,300 டாலர் அளவுக்கு மட்டும்தான். கையில் 80,000 டாலர் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டிருந்தால் 2024-ல் பெரும் லாபம் கண்டிருப்பார். அதே துணிவோடு 2021 டிசம்பரில், "நன்றாக இறங்கிவிட்டது" என்று 48,000 டாலரில் போட்டிருந்தால், அடுத்த பதினொரு மாதங்களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்திருக்கும்.

ஏறிக்கொண்டே போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். விற்றதைவிட அதிக விலைக்குத் திரும்ப வாங்குவது, பெரும்பாலும் விற்றதற்கான வருத்தத்துக்குக் கொடுக்கும் விலை. மிச்சமிருக்கும் காயின்கள் அந்த ஏற்றத்தில் பங்கேற்கத்தான் இருக்கின்றன. தாளில் இன்னும் படிகள் இருந்தால் அவை நிறைவேறும். எல்லாப் படிகளும் தீர்ந்துவிட்டால், நம் கணக்கில் மிஞ்சும் 1.2 காயின் போன்ற ஒரு பகுதியை விற்காமலே வைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றிய கேள்வி, அது மறுபடி மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டும்போது மட்டுமே எழ வேண்டும். 1 லட்சம் டாலர் விலையில், மற்றச் சேமிப்பு விற்ற பணத்தையும் சேர்த்து 4,04,000 டாலராக இருக்கும்போது, அந்த 1.2 காயின் ஏறத்தாழ 23 சதவீதம். அடுத்த படிக்கு இன்னும் சற்று இடம் இருக்கிறது.